வங்கியில் கழிந்த பணம் கார்டில் ஏறாமல் எங்கே நிற்கிறது?

கேள்வி: நேற்று இரவு பயணக் கார்டுக்கு ஆப் வழியாக ரீசார்ஜ் செய்தேன். வங்கிக் கணக்கில் பணம் கழிந்து குறுஞ்செய்தி வந்துவிட்டது, ஆப்பிலும் 'வெற்றி' என்றே காட்டியது. காலையில் நிலையத்தின் கேட்டில் கார்டை வைத்தால் பழைய இருப்பே வருகிறது. பணம் போனதா? இன்னொரு முறை ரீசார்ஜ் செய்து பார்க்கலாமா?

பதில்:

இன்னொரு முறை வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் பணம் பெரும்பாலும் கார்டு நிறுவனத்தின் சர்வரில், உங்கள் கார்டு எண்ணுக்கு நேராக, எடுத்துக்கொள்ளப்படாத பார்சல்போலக் காத்துக்கொண்டிருக்கிறது. நிலையத்தில் இருப்பைப் புதுப்பிக்கும் இயந்திரம் இருந்தால் அதில் கார்டை வையுங்கள். இல்லாவிட்டால் கவுன்ட்டரில் கொடுத்து, "ஆன்லைனில் ரீசார்ஜ் செய்திருக்கிறேன், கார்டில் ஏற்றிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பத்தில் ஏழெட்டு பேருக்குச் சிக்கல் அங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவக் கணக்கு. கார்டு வசூல் அமைப்பு ஒன்றின் கணக்குச் சரிபார்ப்புப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தவன் நான்; இதே கேள்வியை ஒவ்வொரு திங்கட்கிழமையும் படித்திருக்கிறேன். ஞாயிறு இரவு ரீசார்ஜ், திங்கள் காலை கேட், பத்து மணிக்குப் புகார்.

அங்கும் முடியாத மீதிப் பேருக்கு என்ன நடந்திருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும்: உங்கள் இருப்பு எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

பயணக் கார்டுகள் இரண்டு விதம். ஒரு விதத்தில் கார்டு வெறும் அடையாளச் சீட்டு. இருப்பு சர்வரில் இருக்கும், கேட் கார்டு எண்ணை மட்டும் படித்துக்கொண்டு கணக்கைச் சர்வரில் பார்க்கும். அங்கே பணம் ஏறினால் கார்டைத் தொடவே தேவையில்லை. இன்னொரு விதத்தில் கார்டே பணப்பை. உள்ளே இருக்கும் சிப்பில், பூட்டுப் போட்ட ஒரு சிறிய இடத்தில், ஓர் எண்ணாக உங்கள் இருப்பு எழுதப்பட்டிருக்கிறது. கேட் நம்புவது அந்த எண்ணைத்தான். சர்வரில் என்ன இருந்தாலும் கேட்டுக்கு அது பொருட்டில்லை.

உங்களுடையது எந்த விதம் என்பதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆப்பில் இருப்புக்குப் பக்கத்தில் 'இந்தத் தேதி, இந்த நேர நிலவரப்படி' என்று ஒரு வரி இருந்தால், அது சிப் வகை. சர்வருக்கே உங்கள் இருப்பு நேரடியாகத் தெரியாது. கார்டைக் கடைசியாகத் தொட்ட இயந்திரம் அனுப்பிய தகவலைத்தான் அது உங்களுக்குச் சொல்கிறது. ரீசார்ஜ் முடிந்ததும் 'இயந்திரத்தில் வைத்துப் புதுப்பித்துக்கொள்ளவும்' என்ற மாதிரி ஒரு சிறிய எழுத்து வரி வந்திருந்தாலும் அதே வகைதான். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. மேலே பெரிதாகப் பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று போட்டுவிட்டுக் கீழே பொடி எழுத்தில் அதை வைத்தவர்களைத்தான் நான் குறை சொல்வேன். வெற்றி பெற்றது பணம் செலுத்தும் வேலை மட்டுமே. பணம் ஏறும் வேலை இன்னும் தொடங்கவே இல்லை.

எதற்காக இந்தச் சிரமம், எல்லாவற்றையும் சர்வரில் வைத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நெரிசல் நேரத்தில் ஒரு கேட் வழியாக ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். கார்டைப் படித்து, சோதித்து, எழுதி, கதவைத் திறக்க அரை நொடிக்கு மேல் எடுத்தால் வரிசை பின்னால் நீளும். சுரங்கத்திலும் ஓடும் பஸ்ஸிலும் இணைப்பு எந்த நேரமும் அறுந்துபோகலாம். ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டுத்தான் கதவு திறக்கும் என்றால், இணைப்பு போன நாளில் நிலையமே நின்றுவிடும். அதனால் பணத்தைப் பயணியின் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கேட் யாரையும் கேட்காமல் தானே முடிவு செய்கிறது. அந்த வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலைதான் இன்று காலை நீங்கள் பார்த்தது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பயணிகளுக்கு யாரும் சொல்லாதது. சிப்பில் இருக்கும் அந்த எண்ணை மாற்றுவதற்கு ரகசியச் சாவி வேண்டும். சாவி என்றால் உலோகச் சாவி இல்லை, நீளமான ஒரு ரகசிய எண். குறைப்பதற்கு ஒரு சாவி, கூட்டுவதற்கு வேறொரு சாவி என்று பிரித்து வைக்க முடியும். பல அமைப்புகளில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். கேட்டில் இருப்பது குறைக்கும் சாவி மட்டும். யாராவது ஒரு கேட்டின் ரீடரைக் கழற்றிக்கொண்டு போனாலும், அதைக் கொண்டு கார்டுகளில் பணத்தைக் குறைக்கலாமே தவிரக் கூட்ட முடியாது. கூட்டும் சாவி, கவுன்ட்டரிலும் ரீசார்ஜ் இயந்திரத்திலும் தனியான பாதுகாப்பு சிப் ஒன்றுக்குள் இருக்கும். இப்படிப்பட்ட அமைப்பில் கேட்டில் நூறு முறை வைத்தாலும் இருப்பு ஏறாது. கேட் மறுக்கவில்லை; அதனிடம் அந்தச் சாவியே இல்லை.

வேறு சில அமைப்புகளில் கேட்டுகளுக்கும் கூட்டும் உரிமை உண்டு. அங்கே வேறொரு தடை வரும்: பட்டியல். நீங்கள் பணம் கட்டியதும், 'இந்தக் கார்டு எண்ணுக்கு இவ்வளவு ஏற்ற வேண்டும்' என்று ஒரு வரி பட்டியலில் சேரும். அந்தப் பட்டியல் எல்லாக் கேட்டுகளுக்கும் அவ்வப்போது அனுப்பப்படும். சில இடங்களில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை, சில இடங்களில் நாளுக்கு ஒருமுறை. பஸ்ஸில் இருக்கும் ரீடருக்கு அது பணிமனைக்குத் திரும்பிய பிறகுதான் போகும் என்ற நிலையும் உண்டு. நிலையத்துக்கு நடந்துகொண்டே ரீசார்ஜ் செய்துவிட்டு ஐந்தாவது நிமிடத்தில் கேட்டில் கார்டை வைப்பவர், பட்டியலை முந்திக்கொண்டு போய்விடுகிறார். மாலையில் அதே கேட்டில் வைத்தால் தானாக ஏறியிருக்கும்.

என் சித்தி மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கதைக்கு மிக நெருக்கம். ஞாயிறு இரவு பத்து மணி பத்து நிமிடத்துக்கு அவள் ஆப்பில் 300 போட்டாள். கார்டில் ஏற்கெனவே 46 இருந்தது. வங்கிக் குறுஞ்செய்தி வந்தது, ஆப்பில் பச்சைக் குறி வந்தது, தூங்கிவிட்டாள். திங்கள் காலை நுழைவு கேட்டில் 46 என்றே காட்டியது. வேலைக்கு நேரமாகிவிட்டதால் உள்ளே போய்விட்டாள். இறங்கும் இடத்தில் கட்டணம் 24 கழிந்து 22 என்று வந்தது. மதியம் கோபத்தில் மறுபடி ஒரு 300 போட்டாள். மாலை திரும்பும்போது கேட் சிவப்பு விளக்கைக் காட்டி உள்ளேயே விடவில்லை. அந்த அமைப்பில் நுழைய வேண்டுமானால் குறைந்தது 25 இருக்க வேண்டும். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, கவுன்ட்டருக்குப் போனாள். அங்கிருந்தவர் கார்டை இயந்திரத்தில் வைத்தார், 322 என்று வந்தது. "ஏறிவிட்டதம்மா" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவள் எனக்குப் போன் செய்தபோது, "அண்ணா, 600 கட்டியிருக்கிறேன், 300தான் ஏறியிருக்கிறது. 300-ஐ விழுங்கிவிட்டார்கள்" என்றாள். இருப்பைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆப்பில் பழைய ரீசார்ஜ்களின் பட்டியலைத் திறந்து, இரண்டு வரிகளையும் அப்படியே படிக்கச் சொன்னேன். ஞாயிறு இரவு ஆர்டர்: 'கார்டில் ஏற்றப்பட்டது, திங்கள் மாலை 6.05.' திங்கள் மதிய ஆர்டர்: 'ஏற்றக் காத்திருக்கிறது.' அவ்வளவுதான். அந்த இயந்திரம் ஒரு முறை கார்டை வைத்தால் ஓர் ஆர்டரை மட்டுமே ஏற்றும். அடுத்ததற்கு எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். கவுன்ட்டர்காரருக்கு இரண்டு ஆர்டர் இருப்பது தெரியாது, அவளுக்கு மறுபடி வைக்க வேண்டும் என்பது தெரியாது. அன்று மாலைப் பயணத்துக்கு 24 கழிந்து 298 இருந்தது. மறுநாள் காலை வைத்தாள்: 598. ஒரு காசு குறையவில்லை. ஞாயிறு இரவிலிருந்து செவ்வாய் காலைவரை நடந்த அத்தனை கலவரத்துக்கும் காரணம், கேட்டுக்குப் பத்தடி தள்ளிச் சுவரில் இருந்த இயந்திரத்தில் கார்டை வைக்காததுதான்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது அந்த 'நிலை' என்ற வரி. இருப்பு எவ்வளவு என்று பார்ப்பதைவிட, ஆர்டர் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் பணம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும். ஆப்புக்கு ஆப் சொற்கள் மாறும், ஆனாலும் உள்ளே இருக்கும் நிலைகள் இவைதாம்: பணம் வந்து சேரவில்லை, பணம் வந்தது, கார்டுக்காகக் காத்திருக்கிறது, கார்டில் ஏறிவிட்டது, காலாவதியானது அல்லது திரும்ப அனுப்பப்பட்டது. உங்கள் ஆர்டர் 'காத்திருக்கிறது' என்றால் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், இயந்திரத்துக்குப் போங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: காத்திருப்புக்குக் கெடு உண்டு. அந்தக் கெடுவுக்குள் கார்டைக் காட்டாவிட்டால் ஆர்டர் ரத்தாகிப் பணம் வந்த வழியே திரும்பும், அல்லது அடுத்த ரீசார்ஜுக்கான வரவாக நிற்கும். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்கள் ஆப்பின் விதிமுறைப் பக்கத்தில் இருக்கும்.

இனி, ஆப்பில் அந்த ஆர்டரே இல்லை, அல்லது 'தோல்வி' என்று இருக்கிறது, ஆனால் வங்கியில் கழிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது வேறு நோய். உங்கள் வங்கிக்கும் கார்டு நிறுவனத்துக்கும் நடுவில் பணம் வாங்கிக் கொடுக்கும் ஓர் இடைநிலை நிறுவனம் இருக்கிறது. வங்கி பணத்தைக் கழித்து அதனிடம் 'சரி' சொல்லும். அது கார்டு நிறுவனத்திடம் 'சரி' சொல்லும். இந்த இரண்டாவது 'சரி' போய்ச் சேராமல் போகும் நேரங்கள் உண்டு: பணம் செலுத்தும் பக்கம் நடுவில் நின்றுபோனது, கார்டு நிறுவனத்தின் சர்வர் அந்த நொடியில் பதில் சொல்லவில்லை, வங்கியின் பதில் தாமதமாகி அதற்குள் ஆர்டரின் நேரம் முடிந்துவிட்டது. அப்போது வங்கியின் பார்வையில் வேலை முடிந்தது, கார்டு நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் பணமே கட்டவில்லை. இருவரும் பொய் சொல்லவில்லை.

இப்படி நடுவில் தொங்கும் பணத்தைப் பிடிப்பதுதான் நான் பார்த்த வேலை. நாள் முடிவில் இடைநிலை நிறுவனத்திடமிருந்து அன்று வசூலான அத்தனை தொகைகளின் பட்டியல் வரும். அதை நம் ஆர்டர் பட்டியலோடு வரிக்கு வரி ஒத்துப் பார்ப்போம். அங்கே இருந்து இங்கே இல்லாத வரிகள்தாம் உங்களைப் போன்றவர்களின் பணம். சில நிறுவனங்கள் அந்த ஆர்டரை உயிர்ப்பித்துக் காத்திருப்புப் பட்டியலில் சேர்த்துவிடும். பெரும்பாலானவை திருப்பி அனுப்பிவிடும், ஏனென்றால் பயணி அதற்குள் வேறு வழியில் ரீசார்ஜ் செய்திருப்பார். ஆக, புகார் கொடுக்காவிட்டாலும் பல நேரங்களில் சில வேலை நாட்களில் பணம் திரும்பிவிடும். ஆனால் வார இறுதியும் விடுமுறையும் நடுவில் வந்தால் அந்தச் 'சில' நாட்கள் நீளும். மேலும் இந்த ஒத்துப் பார்க்கும் வேலையில் தவறும் வரிகளும் உண்டு என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். ஒரு வாரம் ஆகியும் வராவிட்டால் எழுதிக் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். பணம் வங்கியில் கழிந்ததால் முதலில் வங்கிக்குப் போவது இயல்பு. வங்கி தன் ஏட்டைப் பார்த்து, "பணம் உரியவருக்குப் போய்விட்டது" என்று சொல்லி அனுப்பிவிடும். அதன் ஏட்டின்படி அது உண்மை. முதலில் கார்டு நிறுவனத்திடம் கேளுங்கள். அவர்கள் 'எங்களுக்கு வரவில்லை' என்று எழுத்தில் சொன்னால், அந்தப் பதிலோடு வங்கிக்குப் போங்கள். அப்போது வங்கிக்குத் தேட ஒரு நூல் முனை கிடைக்கும்.

இதைவிட முக்கியமானது: ஆர்டர் 'காத்திருக்கிறது' என்று நிற்கும்போது வங்கியிடம் அந்தப் பணத்தின் மீது ஆட்சேபம் எழுப்பிப் பணத்தைத் திரும்ப வாங்கிவிடாதீர்கள். ஒருவர் அப்படிச் செய்தார். வங்கி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதற்கு முன்பே, அவர் கவனிக்காமல், ஒரு நாள் இயந்திரத்தில் வைத்தபோது கார்டிலும் பணம் ஏறியிருந்தது. கார்டு நிறுவனத்தின் கணக்கில் அவர் பணம் கட்டாமல் இருப்பை வாங்கிக்கொண்டவர் ஆகிவிட்டார். அவருடைய கார்டு எண் தடைப் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த வாரம் கேட்டில் வைத்ததும் கார்டு முடங்கியது. அதை விடுவிக்க அவர் கடிதம் எழுதி, தொகையைக் கட்டி, காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் நியாயமானவர்தான். இயந்திரத்துக்கு அது தெரியாது.

மூன்றாவது நோய் கொஞ்சம் அரிது, ஆனால் புரிந்துகொள்ளச் சுவையானது. ஆப்பில் 'ஏறிவிட்டது' என்று இருக்கிறது, கார்டிலோ பழைய இருப்பு. அல்லது இயந்திரம் 'மறுபடி வைக்கவும்' என்று சொன்னது, நீங்கள் அவசரத்தில் போய்விட்டீர்கள். கார்டுக்குத் தனி மின்சாரம் கிடையாது. ரீடரிலிருந்து வரும் அலையிலிருந்துதான் அது சக்தி எடுத்துக்கொள்கிறது. சில சென்டிமீட்டர் தள்ளினால் சிப் அணைந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போதே கார்டை எடுத்துவிட்டால் இருப்பு பாதி எழுதப்பட்டு அழிந்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். தரமான சிப்புகளில் அப்படி நடக்காது. புதிய இருப்பு முதலில் ஒரு தற்காலிக இடத்தில் எழுதப்படும். 'உறுதி செய்' என்ற கடைசிக் கட்டளை வந்த பிறகுதான் அது உண்மையான இருப்பாகும். அதற்கு முன்னால் கார்டை எடுத்தால் பழைய இருப்பு அப்படியே இருக்கும், பின்னால் எடுத்தால் புதியது இருக்கும். நடுவில் ஒன்றும் இல்லை.

சந்தேகம் கார்டுக்கு இல்லை, இயந்திரத்துக்குத்தான். கடைசிக் கட்டளையை அனுப்பியது. பதில் வருவதற்குள் கார்டு போய்விட்டது. ஏறியதா இல்லையா? தபாலில் போட்ட கடிதத்துக்கு ஒப்புகைச் சீட்டு வராததுபோல. அதே கார்டை உடனே அதே இயந்திரத்தில் வைத்தால் அது சிப்பைப் படித்து, ஏறியிருந்தால் ஏறியது என்று குறித்துக்கொள்ளும், ஏறாவிட்டால் மறுபடி ஏற்றும். நீங்கள் போய்விட்டால், அது 'உறுதியாகவில்லை' என்ற குறிப்போடு சர்வருக்கு அனுப்பும். சில அமைப்புகள் இதை 'ஏறியது' என்றே எடுத்துக்கொண்டு விடுவதால்தான் ஆப்புக்கும் கார்டுக்கும் முரண்பாடு வருகிறது.

இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் சாட்சி சிப்புக்குள்ளேயே இருக்கிறது. சிப் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிசை எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும். கடைசியாக நடந்த சில பரிவர்த்தனைகளையும் சுருக்கமாகக் குறித்து வைத்திருக்கும். நிலைய இயந்திரத்தில் 'பரிவர்த்தனை வரலாறு' என்று ஒரு பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள். ரீசார்ஜ் வரி அதில் இருந்தால் பணம் ஏறியிருக்கிறது, பயணத்தில் செலவாகியிருக்கிறது. இல்லாவிட்டால் ஏறவில்லை. அந்தத் திரையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகாரில் இதைவிட வலுவான ஆதாரம் இல்லை. இன்னொன்று: இந்த வகைச் சிக்கலில் புகார் கொடுப்பதற்கு முன் கார்டை ஒருமுறையாவது பயணத்துக்குப் பயன்படுத்துங்கள். அந்தக் கேட்டிலிருந்து போகும் பதிவில் இருப்பும் வரிசை எண்ணும் இருக்கும். உங்கள் புகாரைப் படிப்பவர் அதைத்தான் தேடுவார். பதிவு இல்லாவிட்டால் அது வரும்வரை உங்கள் கோப்பை ஓரமாக வைப்பார்.

போனின் பின்புறத்தில் கார்டை வைத்து இருப்பை ஏற்றும் வசதி உள்ள ஆப் என்றாலும் இதே கதைதான். போனில் ரீடரின் இடம் மாடலுக்கு மாடல் மாறும், தடித்த உறையோ உலோகத் தகடோ இருந்தால் அலை சரியாகப் போகாது. உறையைக் கழற்றி, கார்டை மேசையில் வைத்து, போனை அதன் மேல் அசையாமல் வைத்து, முடிந்தது என்று திரை சொல்லும்வரை கையை எடுக்காதீர்கள்.

பணம் வேறொரு கார்டுக்குப் போயிருக்கும் சாத்தியத்தையும் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். ஆப்பில் குடும்பத்தார் கார்டுகளும் சேர்த்து வைத்திருப்போம். தொலைந்துபோன பழைய கார்டின் எண் அழிக்கப்படாமல் முதல் வரியில் இருக்கும். போனுக்குள் இருக்கும் கார்டுக்கும் பையில் இருக்கும் பிளாஸ்டிக் கார்டுக்கும் எண் வேறு, இருப்பும் வேறு. ரசீதில் இருக்கும் கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கையில் இருக்கும் கார்டோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அன்றே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். அந்த இன்னொரு கார்டு இயந்திரத்தைத் தொடாதவரை ஆர்டரை ரத்து செய்ய முடியும். தொட்டுவிட்டால் பணம் அந்தச் சிப்புக்குள் போய்விடும், வெளியே எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

புகார் எழுதும்போது கோபத்தைக் குறைத்து எண்களைக் கூட்டுங்கள். "என் பணத்தைத் திருடிவிட்டீர்கள்" என்று தொடங்கும் மூன்று பக்கக் கடிதத்தில் ஆர்டர் எண்ணைத் தேடிக் களைத்திருக்கிறேன். இப்படி எழுதினால் போதும்: "கார்டின் கடைசி நான்கு இலக்கம் இது. ஞாயிறு இரவு 10.10க்கு 300 செலுத்தினேன். ஆர்டர் எண் இது, வங்கிக் குறிப்பு எண் இது. ஆப்பில் ஆர்டரின் நிலை 'ஏறியது' என்று இருக்கிறது. திங்கள் காலை 7.40க்கு இந்த நிலையத்தின் நுழைவு கேட்டில் இருப்பு 46, வெளியேறும்போது 22. திங்கள் மாலை 6.05க்கு ரீசார்ஜ் இயந்திரத்தில் வைத்தேன், இருப்பு மாறவில்லை. வரலாற்றுத் திரையின் படம் இணைத்திருக்கிறேன்." இதில் வங்கிக் குறிப்பு எண்ணை மறக்கவே கூடாது. உங்கள் ஆர்டரே நிறுவனத்தின் ஏட்டில் இல்லாதபோது, இடைநிலை நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் பணத்தைத் தேட வேறு பிடி கிடையாது. அது வங்கிக் குறுஞ்செய்தியிலோ கணக்கு அறிக்கையிலோ இருக்கும்; குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள்.

புகாரை நிறுவனத்தின் ஆப்பிலோ கவுன்ட்டரிலோ கொடுங்கள். பொதுவெளியில் கார்டு எண்ணோடு பதிவு போட்டால், சில நிமிடங்களில் 'வாடிக்கையாளர் சேவை' என்ற பெயரில் யாராவது பேசுவார்கள், பணத்தைத் திருப்ப ஒரு இணைப்பை அழுத்தச் சொல்வார்கள், போனுக்கு வந்த ரகசிய எண்ணைக் கேட்பார்கள். பணம் திருப்பி அனுப்ப எந்த நிறுவனத்துக்கும் உங்கள் ரகசிய எண் தேவையில்லை. பணம் வந்த வழியே போகும்.

அதுவரை எப்படிப் பயணம் செய்வது என்றால், ஒற்றைப் பயண டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். கார்டுதான் வேண்டுமென்றால், கவுன்ட்டரில் பணம் கொடுத்துச் சிறிய தொகையை ஏற்றுங்கள். அங்கே பணம் வாங்கும் கையும் சிப்பில் எழுதும் இயந்திரமும் ஒரே இடத்தில் இருப்பதால் காத்திருப்பு என்ற நிலையே வராது. அப்படி ஏற்றும்போது, கார்டை இயந்திரத்தில் வைத்தவுடன் பழைய ஆன்லைன் ஆர்டரும் சேர்ந்து ஏறிவிடலாம் என்பதால், பணத்தை நீட்டுவதற்கு முன் கார்டை முதலில் வைக்கச் சொல்லித் திரையைப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் அங்கேயே புதிய இருப்பு தெரிந்துவிட்டால், பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கேட்டுக்குப் போகலாம்.